‘சரி’ என்பதும் எழுத்துதான்

“வாட்ஸ்அப்பில் போடுவது பேச்சு. அதை எழுத்து மாதிரி திருத்தி எழுதச் சொன்னால் வியாபாரம் நடக்காது.” செஞ்சியில் நெல் வாங்கி விற்கிற கடைகளில் இதைக் கேட்காத நாளில்லை. திண்டிவனம் சாலையிலும் திருவண்ணாமலை சாலையிலும் இருக்கிற கடைக்காரர்களும், அவர்களுக்கு நெல் போடும் விவசாயிகளும், நெல்லை வாங்கும் அரிசி ஆலைக்காரர்களும் ஒரே குரலில் சொல்கிற கருத்து இது. இந்தக் கடைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்கும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறவன் நான். இந்தக் கருத்து தவறு என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்வது ஐந்து விஷயம். ஒன்று, கைபேசிச் செய்தி என்பது வாய்ப்பேச்சின் நீட்சி, யாரையும் கட்டுப்படுத்தும் ஆவணம் அல்ல. இரண்டு, தலைமுறையாகப் பழகியவர்களுக்கு அரைச் சொல் போதும். மூன்று, பணப் பேச்சைக் கறாராக எழுதினால் ‘என்னை நம்பவில்லையா’ என்ற மனத்தாங்கல் வரும். நான்கு, கவனமாக எழுதுவது நல்லதென்றால் எல்லாச் செய்தியையும் கவனமாக எழுத வேண்டியதுதானே, ஏன் பிரிக்க வேண்டும். ஐந்து, எது ஆபத்தான செய்தி என்று முன்கூட்டித் தெரியாது.

இவை சோம்பேறிகளின் வாதங்கள் அல்ல. விளைச்சல் காலத்தில் விடியற்காலையில் தொடங்கி இரவு வரை செய்தி வந்துகொண்டே இருக்கும். ஒரு கையில் தராசுச் சீட்டு, மறு கையில் கைபேசி. அந்த நெருக்கடியில் நிற்கிறவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த கருத்து இது. ஆனாலும் தவறு.

நான் சொல்வது எளிமையான வழி. வெளியே போகிற செய்திகளை அனுப்பும் முன் ஆபத்தைப் பார்த்துப் பிரியுங்கள். புகார், பணம், ஒப்பந்தம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொடுகிறவற்றை நிறுத்தி, மறுபடி எழுதி, இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். மற்றவை வாயில் வருகிறபடி போகட்டும். இனி ஒவ்வொரு வாதமாக எடுத்துக்கொள்வோம்.

1. பேச்சு என்றால் அது ஏன் அழியாமல் நிற்கிறது?

வாய்ப்பேச்சுக்கு ஒரு குணம் உண்டு. சொன்னவர் ஒன்று நினைப்பார், கேட்டவர் ஒன்று நினைப்பார், கடைசியில் ஊர்ப் பெரியவர் நடுவில் உட்கார்ந்து இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்வார். செய்தி அப்படி இல்லை. தேதியோடும் நேரத்தோடும் இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. பேச்சின் அலட்சியத்தோடு எழுதப்படுகிறது, பத்திரத்தின் ஆயுளோடு வாழ்கிறது.

சட்டமும் இதைப் பேச்சாகப் பார்க்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் என்றாலே முத்திரைத்தாள் வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருவர் முன்வைத்து மற்றவர் நிபந்தனையில்லாமல் ஏற்றால், அதற்கு ஈடாக ஏதாவது கைமாறவும் இருந்தால், பெரும்பாலான வியாபாரங்களுக்கு அதுவே போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்வழியில் செய்துகொண்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. 2010இல் டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. பாக்சைட் தாது ஐந்து கப்பல் சரக்குக்கு மின்னஞ்சலில் பேச்சு நடந்திருந்தது. முறைப்படியான ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் விலையும் அளவும் மற்ற முக்கிய விஷயங்களும் மின்னஞ்சலிலேயே முடிவாகிவிட்டதால், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பானது.

கடன் பாக்கியிலும் இதே கதைதான். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடக் காலவரம்பு. அது முடிவதற்குள் கடன்பட்டவர் கையொப்பத்தோடு எழுத்தில் ஒப்புக்கொண்டால், 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, அன்றிலிருந்து மூன்று வருடம் மறுபடி தொடங்கும். மின்னஞ்சலில் வந்த ஒப்புதலும் இதற்குப் போதும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல் ஏற்றிருக்கிறது. ‘அந்தப் பாக்கி ஞாபகம் இருக்குண்ணே, வெள்ளாமை முடிஞ்சதும் தர்றேன்’ என்று இரவு பத்து மணிக்கு அனுப்பியவர், தான் எதைத் தொட்டிருக்கிறோம் என்று தெரிந்தா அனுப்பினார்?

2. பழக்கம் எண்ணைத் தெளிவாக்குமா?

பழகியவர்களுக்கு அரைச் சொல் போதும் என்பது ஆளைப் பற்றிய விஷயத்தில் உண்மை. அண்ணன் கோபமாக இருக்கிறாரா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்பதெல்லாம் அரைச் சொல்லில் தெரியும். எண் அப்படித் தெரியாது. ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம். நான் உதாரணத்துக்காகக் கட்டியதுதான், ஆனால் இதைப் போன்றவை தினமும் போகின்றன.

விவசாயி: “அண்ணே, 60 மூட்டை களத்துல இருக்கு. எப்படி எடுக்கறீங்க?”

கடைக்காரர்: “பதினெட்டுன்னா எடுத்துக்கலாம். காசு ஒரு வாரத்துல போட்டுடலாம்.”

விவசாயி: “சரிண்ணே.”

மூன்று வரி. இதில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். பதினெட்டு என்பது விலையா, ஈரப்பதமா? நெல் வியாபாரத்தில் இரண்டும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே புழங்குகின்றன. அரசுக் கொள்முதலில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் வரம்பு என்பதால் பதினேழு, பதினெட்டு என்ற பேச்சு எல்லோர் வாயிலும் இருக்கிறது. கடைக்காரர் ‘ஈரப்பதம் பதினெட்டுக்குள் இருந்தால் எடுக்கிறேன், விலை அன்றைய நிலவரம்’ என்று நினைத்திருக்கலாம். விவசாயி ‘ஆயிரத்து எண்ணூறு’ என்று படித்திருக்கலாம்.

ஆயிரத்து எண்ணூறு என்றே வைத்துக்கொள்வோம். எதற்கு? செஞ்சி வட்டாரத்தில் மூட்டை என்றால் 75 கிலோ. அரசு அறிவிக்கும் ஆதார விலையோ 100 கிலோ குவிண்டாலுக்கு. அறுபது மூட்டையின் எடை 4,500 கிலோ. மூட்டைக்கு 1,800 என்றால் வர வேண்டியது 1,08,000 ரூபாய். குவிண்டாலுக்கு 1,800 என்று வெளியூர் வாங்குபவர் ஒருவர் கணக்குப் போட்டால் 81,000 ரூபாய். நடுவில் 27,000 ரூபாய். இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை.

இனி ‘லாம்’. தமிழில் இந்த ஒரு விகுதி அனுமதி, வாய்ப்பு, யோசனை, சம்மதம் எல்லாவற்றையும் சுமக்கிறது. ‘எடுத்துக்கலாம்’ என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றா, எடுக்கிற யோசனை இருக்கிறது என்றா? ‘போட்டுடலாம்’ என்றால் யார் போடுவது? எழுவாய் இல்லை. நேரில் பேசும்போது முகமும் குரலும் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். திரையில் நிரப்ப ஒன்றும் இல்லை. ‘ஒரு வாரத்துல’ என்பது செய்தி வந்த நாளிலிருந்தா, எடை போட்ட நாளிலிருந்தா, ஆலைக்காரர் கடைக்குப் பணம் தந்த நாளிலிருந்தா?

ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பொருள் உறுதியில்லாத, உறுதியாக்கவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அந்தப் பிரிவே தரும் உதாரணம் ஒன்று, ஒருவர் தன் வெள்ளைக் குதிரையை ஐந்நூறுக்கோ ஆயிரத்துக்கோ விற்பதாகச் சொன்னால் எந்த விலை என்று தெரியாததால் அது செல்லாது என்பது. தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றிப் பாடிப் பாடிச் சலிக்காத ஊர் இது. இந்தக் குதிரையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கோட்டை அடிவாரத்துக் களத்தில் இரண்டு விலையோடு நிற்கும் அறுபது மூட்டை நெல்லும் அதே நிலையில்தான் இருக்கிறது.

3. கறார் என்றால் கடுமை என்று யார் சொன்னது?

மனத்தாங்கல் வரும் என்பவர்கள், கவனமாகத் திருத்துவது என்றால் ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்குவது என்று நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் மனத்தாங்கல் வரத்தான் செய்யும். ஆனால் அது நடையை மாற்றுவது. ஓட்டை அப்படியே இருக்கும். மேலே பார்த்த செய்தியை நான் இப்படித் திருத்துவேன்:

“அண்ணே, 60 மூட்டை எடுத்துக்கறேன். மூட்டை 75 கிலோ, மூட்டைக்கு 1,800 ரூபாய். வியாழக்கிழமை காலையில களத்துக்கு வந்து ஈரம் பார்ப்பேன். 17 சதவீதத்துக்கு மேல இருந்தா விலை மறுபடி பேசணும். எடை போட்ட நாள்ல இருந்து ஏழு நாள்ல உங்க பேங்க் கணக்குல நான் போட்டுடறேன். இதுக்குச் சம்மதமா?”

அண்ணன் அண்ணனாகவே இருக்கிறார். பேச்சுத் தமிழ் பேச்சுத் தமிழாகவே இருக்கிறது. சேர்ந்தவை எழுவாய், அலகு, நாள், நிபந்தனை, கடைசியில் ஒரு கேள்வி. இதைப் படிக்கிற விவசாயிக்கு ‘என்னை நம்பவில்லை’ என்று தோன்றாது. ‘எனக்கு எவ்வளவு, எப்போது’ என்பது முதல் தடவையாகத் தெளிவாகத் தெரியும்.

புகாருக்கு வருவோம். அங்கேதான் பணிவு மிக அதிகமாகக் கெடுக்கிறது. ஆலைக்காரர் எழுதுகிறார்: ‘நேத்து லோடுல அஞ்சாறு மூட்டை கறுத்துப் போயிருக்கு.’ கடையில் இருக்கிற பையன் நல்ல பிள்ளை. உடனே எழுதுகிறான்: ‘மன்னிச்சுக்கோங்க சார், எங்க தப்புதான், பார்த்துக் கழிச்சுக்கோங்க.’ மரியாதையில் குறை சொல்ல முடியாத செய்தி. ஆனால் அது மூன்று காரியம் செய்துவிட்டது. யாரும் மூட்டையைப் பார்க்கும் முன்னமே தவற்றை ஒப்புக்கொண்டது. எத்தனை மூட்டை என்று உறுதி செய்யாமல் ‘அஞ்சாறை’ ஏற்றுக்கொண்டது. எவ்வளவு கழிப்பது என்ற முடிவை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டது. நாளை சரக்கு லாரியிலேயே நனைந்தது என்று தெரியவந்தாலும், அந்த ‘எங்க தப்புதான்’ எழுத்தில் நிற்கும்.

திருத்திய செய்தி இப்படி இருக்கலாம்: ‘சார், செய்தி பார்த்தோம். எத்தனை மூட்டை, எந்தப் பக்கம் அடுக்கினது, போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்த மூட்டைகளை அரைக்காம தனியா வைங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள எங்க ஆள் வந்து பார்த்துடுவார். பார்த்த பிறகு விலை பேசி முடிச்சுக்கலாம்.’ இதில் தவற்றை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. உண்மை தெரிந்த அளவுக்கு மட்டும் பேசுகிறது. மறுத்து எழுதியிருந்தால் அதுவும் இதே அளவு தவறாகியிருக்கும்.

ஆலைக்காரரும் கவனிக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆவது பிரிவுப்படி, சரக்கு வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, தன் சொந்தச் சரக்கு போலப் பயன்படுத்திவிட்டாலோ ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ‘கறுத்துப் போயிருக்கு’ என்பது வருத்தமா, ‘இந்த மூட்டைகளை ஏற்கவில்லை’ என்ற அறிவிப்பா என்பதை அவர் சொல்லவே இல்லை. சொல்லாமல் மறுநாள் அரைத்தும் விட்டால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவரே கைவிட்டவர் ஆகிவிடுவார். புகாரில் இரண்டு பக்கமும் தெளிவாக எழுதத் தெரியாததால்தான் ஐந்து மூட்டைச் சண்டை ஐந்து வருடப் பேச்சுவார்த்தையின்மையாக முடிகிறது. உறவை முறிப்பது கறார் அல்ல.

4. எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு எழுத முடிந்தவர் யார்?

கேட்க நேர்மையாக இருக்கிற வாதம் இது. நடைமுறையில் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது செய்தி போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘வந்துட்டேன்’, ‘டீ சொல்லிட்டேன்’, ‘லாரி மேல்மலையனூர் தாண்டிடுச்சு’, ‘பொண்ணுக்குக் கல்யாண வாழ்த்து’ என்று முப்பத்தைந்து. மிச்சம் ஐந்தில்தான் பணமும் புகாரும் பேரமும் இருக்கின்றன. நாற்பதையும் ஒரே கண்ணால் திருத்தினால், முப்பதாவது செய்திக்குள் கண் சலித்துவிடும். முப்பத்தொன்றாவதில் 27,000 ரூபாய் இருக்கலாம். சம கவனம் என்பது கடைசியில் எல்லாவற்றுக்கும் சமமான கவனக்குறைவாகவே முடிகிறது.

இன்னொரு கேடும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நடைக்குக் கொண்டுவருகிறவர், அர்த்தத்தையும் சேர்த்து மாற்றிவிடுவார். முதலாளி ‘பார்க்கலாம்னு சொல்லு’ என்பார். நல்ல தமிழ் எழுதுகிற கணக்குப்பிள்ளை அதை ‘தங்கள் கோரிக்கை நிறைவேற்றித் தரப்படும்’ என்று எழுதுவார். வாக்கியம் அழகாகிவிட்டது. கொடுக்காத வாக்குறுதி ஒன்றும் அதில் பிறந்துவிட்டது. ஆபத்தான செய்தியைத் திருத்துகிறவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான ஒழுக்கம்: சொல்லாததைச் சேர்க்காதே, இல்லாத எண்ணை ஊகிக்காதே, வெற்றிடம் இருந்தால் முதலாளியிடம் திரும்பிக் கேள், திருத்தியதை அவர் படிக்காமல் அனுப்பாதே. இந்த நான்கையும் ஐந்து செய்திக்குக் கடைப்பிடிக்க முடியும். நாற்பதுக்கு முடியாது.

5. ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாதா?

இவர்கள் வாதத்திலேயே வலிமையானது இதுதான். ‘பணம்’, ‘ரூபாய்’, ‘புகார்’ என்ற சொற்களைத் தேடிப் பிரித்தால் தப்பிவிடுகிற செய்திகள் உண்டு என்கிறார்கள். உண்மை. ஆனால் அது பிரிக்கும் முறையின் குறை. சொல்லை வைத்துப் பிரிக்கக் கூடாது என்பதற்கான ஆதாரமே தவிர, பிரிக்கவே கூடாது என்பதற்கான ஆதாரம் அல்ல.

கனடாவில் சஸ்காச்சவன் மாகாணத்தில் நடந்த வழக்கு நம் களத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. 2021 மார்ச்சில் ஒரு தானிய நிறுவனம் ஒரு விவசாயிக்கு, நவம்பரில் 87 டன் ஆளிவிதை தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் அனுப்பி, உறுதிப்படுத்தக் கேட்டது. விவசாயி கட்டைவிரலை உயர்த்திய ஒரு படக்குறியைத் திருப்பி அனுப்பினார். நவம்பரில் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. சரக்கு போகவில்லை. ‘ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அந்தக் குறி’ என்றார் அவர். இதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு ‘ஓகே’ போல ஓரிரு சொல்லில் பதில் போட்டே அவர் சரக்கு கொடுத்து வந்திருந்ததை நீதிமன்றம் பார்த்தது. 2023 ஜூனில் அந்தக் குறி சம்மதமே என்று தீர்ப்பளித்து, ஏறத்தாழ 82,000 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

அந்தக் குறியில் பணம் என்ற சொல் இல்லை, எண் இல்லை, எழுத்தே இல்லை. அதன் ஆபத்து முழுவதும் அது எதற்குப் பதில் என்பதில் இருந்தது. பிரிப்பதற்கு மூன்று கேள்வி போதும். செய்தியில் தொகை, எடை, விலை, தேதி ஏதாவது இருக்கிறதா? ஒரு குறையை இது சொல்கிறதா, ஏற்கிறதா, மறுக்கிறதா? இது எந்தச் செய்திக்குப் பதில்? மூன்றாவது கேள்விதான் வலையின் அடிப்பகுதி. ஆபத்தான செய்திக்குப் போகும் பதில், ஓரெழுத்தாக இருந்தாலும் ஆபத்தானதே. விவசாயியின் அந்த ‘சரிண்ணே’ நாற்பது செய்திகளில் மிகச் சிறியது, மிக நிறுத்திப் பார்க்க வேண்டியது.

தப்பிவிடுகிறவை இன்னும் உண்டு. குரல்பதிவும் தொலைபேசிப் பேச்சும் இந்தச் சல்லடையில் விழாது. பேசி முடித்ததும், பேசியதை இரண்டு வரியில் எழுதி ‘இப்படித்தானே பேசினோம்’ என்று கேட்டு அனுப்புவதுதான் அதற்கு வழி. அனுப்பிய உடனே அதுவும் பிரிக்க வேண்டிய செய்தியாகிவிடும்.

6. இது கடைக்காரனின் கேடயம்தானே?

பொதுவாகச் சொல்லப்படும் ஐந்தோடு, விவசாயிகள் சிலர் என்னிடம் நேரடியாகக் கேட்ட ஆறாவது வாதம் இது. எழுதத் தெரிந்த கடைக்காரன் தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்வான், எழுதத் தெரியாதவன் சிக்குவான் என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் தெளிவில்லாத செய்தி யாருக்கு உதவுகிறது என்று ஒரு முறை கணக்குப் பாருங்கள். நெல் கைவிட்டுப் போன பிறகு, பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் ‘லாம்’ உதவுகிறது. ‘ஒரு வாரத்துல போட்டுடலாம்’ என்பதை மூன்று மாதமாக இழுக்க முடிவது கடைக்காரரால்தான். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கக் காத்திருக்கிற விவசாயியால் இழுக்க முடியாது. மூட்டை 75 கிலோ, விலை 1,800, எடை போட்டு ஏழு நாள் என்று எழுதிய செய்தியைத் தூக்கிக் காட்டிப் பேச வேண்டிய இடத்தில் பேசப் பெரிய படிப்பு வேண்டாம்.

அதனால் விவசாயியிடம் நான் சொல்வதும் கடைக்காரரிடம் சொல்வதும் ஒன்றுதான். மழை, மகள், மாடு பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். விலையோ எடையோ தேதியோ வந்த செய்திக்குக் கீழே ‘சரி’ என்று அடிக்கப் போகும்போது மட்டும் விரலை நிறுத்துங்கள். எதற்குச் சரி என்று முழுதாக எழுத முடிந்தால் அனுப்புங்கள். எழுத முடியவில்லை என்றால், உங்களுக்கு இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.